எழுத வேண்டாம் என்று நான் சொன்ன நோட்டு

நல்ல நோட்டு அது. நீள சைஸ், கோடு போட்டது, கெட்டி அட்டை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கும் கடையில் அக்கா பார்த்துப் பார்த்து வாங்கினார். முதல் பக்கத்தில் 'வாரம் 1' என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டுவிட்டார். அதற்கு மேல் ஒரு வரிகூட எழுதவிடாமல் செய்தவள் நான்.

அக்கா எனக்கு உறவில்லை. சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, சோதனைக் கூடத்தில் நிரந்தர வேலையில் இருந்தேன். அவர் காண்டிராக்ட். கம்பிகளைக் கட்டாகக் கட்டி டேக் மாட்டும் பிரிவு. நாற்பத்திரண்டு வயது. தமிழ் வழியில் ஐ.டி.ஐ. முடித்து, கல்யாணத்தால் இருபது வருஷம் வேலைக்கே வராமல் இருந்தவர். எளாவூர்ப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார்.

கம்பெனியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். உலோகச் சோதனை பற்றி இணையத்தில் பன்னிரண்டு வாரப் படிப்பு, கடைசியில் நேரில் தேர்வு. தேறும் காண்டிராக்ட் ஆட்களுக்குச் சோதனைக் கூடத்தில் நிரந்தர வேலை. தேறாதவர்களின் காண்டிராக்ட் வருஷக் கடைசியோடு சரி. அக்கா அன்றைக்கே பெயர் கொடுத்தார். எனக்கும் ஒரு கிரேடு ஏறும் என்பதால் நானும் சேர்ந்தேன்.

வீடியோ பாடமெல்லாம் ஆங்கிலம். முதல் வாரப் பாடத்தை மூன்று தடவை பார்த்தும் அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நேரில் சொல்லிக் கொடுக்கலாமென்றால், அவருக்கு முதல் ஷிஃப்ட், எனக்கு இரண்டாவது. கேட் வாசலில் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொள்வதோடு சரி. போனையும் லாக்கரில் வைத்துவிட வேண்டும். பயிற்சி அறையில் மட்டும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. சாப்பாட்டு இடைவேளையில் அவர் அதில் உட்கார்ந்து, பாடத்துக்குக் கீழே இருக்கும் விவாதப் பகுதியில் தமிழில் கேள்வி போடுவார். என் இடைவேளையில் நான் பதில் எழுதுவேன். அங்கே எழுதினால் மதிப்பெண்ணும் கொஞ்சம் உண்டு.

கடினத்தன்மைச் சோதனை என்றால் இன்னா என்று கேட்டார். வேகாத இட்லியில் விரல் வைத்தால் பள்ளம் பெரிது, வெந்ததில் சிறிது. இரும்பிலும் அதேதான், பள்ளம் சிறிதானால் இரும்பு கடினம் என்று எழுதினேன். இழுவிசைக்குப் பழைய ரப்பர் பேண்டைச் சொன்னேன். ஓரளவு இழுத்து விட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும், அளவு மீறினால் தொளதொளத்துப் போகும், அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று எழுதி, படமும் வரைந்து போட்டேன். பதிலை எப்போதும் கேலியோடுதான் ஆரம்பிப்பேன். அது என் வாய்க்கொழுப்பு. அக்காவும் சிரித்துக்கொண்டே படிப்பதாகச் சொல்வார்.

இரண்டாவது வாரம் கேட் வாசலில் அந்த நோட்டைக் காட்டினார்.

"நீ போட்டதெல்லாம் இதுல எய்தி வச்சிக்கட்டா மா?"

"இன்னாத்துக்குக்கா கை வலிக்க எய்திக்கினு? அங்கதான இருக்குது, எங்க ஓடிடப் போவுது?" என்றேன். "நான் லிங்க் அனுப்புறேன், அதான் உங்க நோட்டு."

சொன்னபடி வாரா வாரம் வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினேன். பன்னிரண்டு நீல வரிகள். நானும் எதையும் தனியாக எடுத்து வைக்கவில்லை. பதில் போடும் பெட்டியில் நேராக அடித்து அனுப்பியதுதான். ஏதோ கணினி தெரிந்தவள்போல அன்றைக்குப் பேசியதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தேர்வு அன்று அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. அவசர ஆர்டர் என்று சூப்பர்வைசர் மறுத்துவிட்டார். நான் எழுதித் தேறினேன். அவர் மட்டும் அடுத்த பருவத்தில் மறுபடி பதிவு செய்தார். "பாடம்தான் ரெடியா கீதே, ஒரு தபா பார்த்துக்கினா போதும்" என்று தைரியமாகத்தான் இருந்தார்.

பருவம் தொடங்கிய முதல் நாள் லிங்கைத் தொட்டிருக்கிறார். பக்கம் இல்லை என்று வந்தது. பன்னிரண்டும் அப்படியே. புதிய வகுப்பில் அதே வீடியோக்கள், அதே வினாக்கள். விவாதப் பகுதி மட்டும் வெள்ளையாக இருந்தது. முதல் கேள்வியை நீங்கள் கேளுங்கள் என்று எழுதியிருந்தது. முடிந்த வகுப்புக்குள் போனால் வீடியோ ஓடியது, விவாதம் என்ற பொத்தானே இல்லை.

உதவி மையத்துக்கு எழுதினேன். மறுநாளே மரியாதையாகப் பதில் வந்தது. பருவம் முடிந்ததும் விவாதச் செய்திகள் நீக்கப்படும், திரும்ப எடுக்க இயலாது, முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் அறிவிப்புப் பக்கத்தில் சொல்லியிருக்கிறோம், வேண்டியதைப் பிரதி எடுத்து வைக்கும்படியும் கேட்டுக்கொண்டோம் என்று. போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நாலு வரி, தேதியோடு இருந்தது. அக்காவால் படித்திருக்க முடியாது. நான் படித்திருக்கலாம். திறந்துகூடப் பார்க்கவில்லை.

அக்காவின் மின்னஞ்சலில் ஏதாவது இருக்குமா என்று தேடினோம். இருந்தது. யார் பதில் எழுதினாலும் அந்தத் தளம் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் முதல் இரண்டு வரிதான் வரும். மிச்சத்துக்கு 'மேலும் படிக்க' என்று ஒரு லிங்க், அதுவும் செத்த லிங்க். ஆக, மிஞ்சியது என் முதல் வரிகள் மட்டும். "இன்னாக்கா, இதுக்கே பேஜாரானா எப்படி?" "வந்துட்டாங்கப்பா எங்க விஞ்ஞானி!" இட்லியும் இல்லை, ரப்பர் பேண்டும் இல்லை. பன்னிரண்டு வாரத்துக்கும் கேலி மட்டும் வரிசையாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா போனை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்ப எழுதித் தருகிறேன் என்றேன். தனித்தாள்களில் எழுதவும் செய்தேன், நாலு வாரம் வரைக்கும். அவர் கேள்வி கேட்டதால் வந்த பதில்கள் அவை. என்ன கேட்டோமென்று அவருக்கும் நினைவில்லை. கிரேடு ஏறியதில் எனக்கு வேலையும் கூடியிருந்தது. வேலை ஒரு சாக்கு என்றும் எனக்குத் தெரியும். தினமும் ஒரு பக்கம் எழுத முடியாத அளவுக்கு யாருக்கும் வேலை இருப்பதில்லை. அவரும் நச்சரிக்கவில்லை. ஐந்தாவது வாரம் எப்போ வரும் என்று ஒரே ஒரு தடவை கேட்டார்.

தேர்வில் அவர் தேறவில்லை. முதல் நாலு வாரத்துக் கேள்விகளுக்கு நன்றாக எழுதியதாகச் சொன்னார். வருஷக் கடைசியில் காண்டிராக்ட் முடிந்தது.

கடைசி நாள் லாக்கரைக் காலி செய்துகொண்டிருந்தார். செருப்பு, டிபன் பாக்ஸ், ஒரு சீப்பு. அடியிலிருந்து அந்த நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இந்தா மா, நீயே வச்சிக்கோ. ஊட்டுல கெடந்தா பசங்க கிறுக்கிடும்."

"என்மேல கோவமாக்கா?"

"உன்மேல இன்னா கோவம்? நீதானே சொல்லிக் குடுத்த."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஆட்டோ ஏறும் வரை கேட்டிலேயே நின்றேன். அதற்குப் பிறகு இரண்டு முறை போன் செய்தேன், எடுக்கவில்லை.

இப்போது வேறொரு படிப்பில் சேர்ந்திருக்கிறேன். விவாதப் பகுதியில் எது எழுதினாலும் முதலில் நோட்டில் எழுதிக்கொண்டுதான் போடுகிறேன். மற்றவர்கள் எழுதுவதையும் அன்றன்றைக்கே எடுத்து வைத்துவிடுகிறேன். இரண்டு நோட்டு நிறைந்துவிட்டது. அக்காவின் நோட்டு மட்டும் என் லாக்கரில் அப்படியே இருக்கிறது. முதல் பக்கத்தில் 'வாரம் 1', அதற்கு அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. எழுதிக்கொள்ளட்டுமா என்றுதான் அவர் என்னைக் கேட்டார்.