கால் பங்கு கூடுதலுக்கு ஒரு கையெழுத்து

பாட்டில் தொழிற்சாலையில் அவருக்கு லைட்டு அக்கா என்று பெயர். வெளிச்சமான வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக நகர்ந்து போகும் மருந்து பாட்டில்களில் விரிசல், குமிழி, கழுத்துக் கோணல் உள்ளவற்றைப் பொறுக்கித் தொட்டியில் போடுவது வேலை. பதினோரு வருடமாகக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவர் வீட்டில் எப்படி என்று யாராவது கேட்டால், "வீட்டுல அதையே சம்பளம் இல்லாம பண்றா" என்பார் அவருடைய கணவர்.

கண்ணாடி உருக்கும் உலையை நினைத்த நேரத்தில் அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே இருப்பது இறுகி உலையே பாழாகிவிடும். ஆகவே உலை தூங்குவதில்லை. அதற்குத் துணையாக மனிதர்கள் முறை வைத்து விழிக்கிறார்கள். ஒரு வாரம் காலை ஆறு முதல் இரண்டு வரை, அடுத்த வாரம் இரண்டு முதல் பத்து வரை, அதற்கடுத்த வாரம் இரவு பத்து முதல் ஆறு வரை. இரவு வாரத்துக்கு மட்டும் சம்பளத்தில் கால் பங்கு கூடுதல்.

இப்படியிருக்க, இனி நிரந்தரமாக இரவு ஷிப்டுக்கே வர விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம், வாராவாரம் கால் பங்கு உண்டு, இரண்டு வாரம் சோதனை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். லைட்டு அக்கா அன்றே பெயர் கொடுத்தார்.

பணம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இரவு ஷிப்டுதான் பாதுகாப்பு என்று அவர் கண்டிருந்தது. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இரவு ஷிப்டுக்குக் கம்பெனி வேன் வரும், வீட்டுத் தெருவில் ஏற்றும், விடிந்தபின் அங்கேயே இறக்கும். இரண்டு மணி ஷிப்டுக்கு வேன் கிடையாது. வேலை முடிவது பத்து மணிக்கு. கடைசி பஸ் போவது ஒன்பது நாற்பதுக்கு. ஆட்டோக்காரர் அந்த நேரத்தில் இரட்டிப்பாகக் கேட்பார், இல்லையென்றால் விளக்கில்லாத பாலத்தடியில் மூன்று கிலோமீட்டர் நடை. அந்த வாரம் முழுக்க அக்காவின் கைப்பையில் ஒரு பெரிய ஸ்பானர் இருக்கும். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று அவருக்குத் தெரியாது. பாலத்தடி நாய்களுக்கும் அது தெரிந்திருந்தது.

சோதனை வாரம் தொடங்கியது. கணவர் தையல்காரர். இரண்டே அறை கொண்ட வீட்டின் முன் அறையில்தான் மெஷின். மெஷின் ஓடினால் அக்கா தூங்க முடியாது, ஓடாவிட்டால் சட்டைகள் முடியாது. ஆகவே காலை எட்டு முதல் இரண்டு வரை கணவர் துணி வெட்ட மட்டும் செய்தார். இரண்டு மணிக்கு மேல் தைக்கலாமென்றால், அதற்குள் வாசலில் வாடிக்கையாளர்கள் நின்றார்கள்.

"அண்ணே, என் சட்டை?"

"வெட்டியாச்சு, வெட்டியாச்சு."

"போன வாரமும் வெட்டியாச்சுன்னீங்க. இன்னும் எவ்வளவுதான் வெட்டுவீங்க?"

"மெல்லப் பேசுங்க. உள்ள தூங்குறா."

ஒரு நாள் கணவர் விஷயத்தை எடுத்தார். "இங்க பாரு. நீ கையெழுத்துப் போட்டுட்டேன்னா வாராவாரம் கூடுதல் வரும். அதுல நான் தெருமுனையில சின்னதா ஒரு கடை எடுத்துக்கறேன். மெஷின் அங்க போயிடும். வீடு அமைதியா இருக்கும்."

"இருந்தா?"

"நீ நல்லாத் தூங்கலாம்."

"எதுக்கு?"

"ராத்திரி முழிக்கிறதுக்கு."

"அதாவது, நான் முழிக்கிற காசுல நான் தூங்கணும். ஏங்க, நான் ராத்திரியே தூங்கிட்டா இந்தச் செலவே இல்லையே?"

கணவர் வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டு யோசித்தார். "அப்ப எனக்குக் கடை?" என்றார்.

இரவு ஷிப்டுக்காரர்களுக்கு டாக்டர் பரிசோதனை கட்டாயம். டாக்டர் வருவதோ பகல் பதினோரு மணிக்கு. தூக்கத்திலிருந்து எழுந்து, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார் அக்கா.

"நல்லாத் தூங்குறீங்களாம்மா?"

"தூங்கிட்டுதான் இருந்தேன் டாக்டர். நீங்கதான் கூப்பிட்டீங்க."

பிரஷர் கொஞ்சம் ஏறியிருந்தது. நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை எழுதினார். "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். எந்த நேரத்துக்கு என்று அக்கா கேட்டதற்கு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் பத்தாவது இரவில் ஒன்று நடந்தது.

திரைக்கு முன்னால் அரை மணிக்கு மேல் யாரும் உட்காரக் கூடாது, கண் மரத்துவிடும். பெட்டியில் அடுக்குகிறவரும் திரை பார்க்கிறவரும் இடம் மாறிக்கொள்வார்கள். அன்று இடம் மாற வேண்டியவள் வரவில்லை. புதிதாக வந்தவளுக்கு அடுக்க மட்டுமே தெரியும். அக்கா இரண்டரை மணி நேரம் எழவில்லை. நாலு மணி வாக்கில் அவர் தூங்கவில்லை, விழித்தும் இருக்கவில்லை. விரிசல் விட்ட பாட்டிலைக் கண் சரியாகப் பார்த்தது. கை சரியாக அதற்கு அடுத்த பாட்டிலை எடுத்துத் தொட்டியில் போட்டது. ஒன்று தவறாமல், ஒரே சீராக, இருபது நிமிடம்.

அடுக்குகிறவள் ஒரு பாட்டிலைத் தூக்கிப் பிடித்து, "அக்கா, இது கழுத்துல கீறல் மாதிரி இருக்கே?" என்றாள். அந்த நேரத்துப் பெட்டிகள் முழுவதையும் நிறுத்தி வைத்து, விடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தார்கள். ஒன்றும் வெளியே போகவில்லை.

காலையில் வந்த சூப்பர்வைசர் பதிவேட்டைப் புரட்டினார். "என்னக்கா இது, கழிவு எண்ணிக்கை எப்பவும்போல கரெக்டா இருக்கு. ரிஜிஸ்டரைப் பார்த்தா நேத்து நீங்கதான் பெஸ்ட்!"

"எண்ணிக்கை சரிதான் சார். பாட்டில்தான் மாறிப்போச்சு."

"ஒரு நாள்தானே. பழகிடும். சனிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுடுங்க."

"பழகிடுங்கறதுதான் சார் பயமா இருக்கு. அது மருந்து பாட்டில்."

அவர் படிவத்தை நீட்டினார். அக்கா வாங்கவில்லை. மாறி மாறி வரும் ஷிப்டே போதும், மூன்று வாரத்துக்கு ஒரு இரவு வாரம், ஒரு கால் பங்கு என்றார்.

"அப்ப ரெண்டு மணி ஷிப்டு வேணாம்னு நீங்கதானே அழுதீங்க?"

"ஷிப்டு வேணாம்னு அழலை சார். வீட்டுக்குப் போக வழியில்லைன்னு அழுதேன். ராத்திரி ஆளுங்களை இறக்கிட்டு பத்து மணிக்கு வேன் எங்க போகுது?"

"ஷெட்டுக்கு."

"எந்த வழியா?"

சூப்பர்வைசர் தினமும் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போகிறவர். வேன் டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டார். "பாலத்தடி வழியாத்தான் சார். காலியாத்தான் போறேன். ரேடியோவைத் தவிர துணைக்கு யாருமில்லை" என்றார் டிரைவர்.

காலி வேனில் ஆள் ஏற்ற அனுமதி வாங்க மூன்று வாரமும், இரண்டு மணி ஷிப்டுப் பெண்கள் ஒன்பது பேரின் கையெழுத்தும் தேவைப்பட்டன. கால் பங்குக்கு ஒரு கையெழுத்து போதும். காலி சீட்டுக்கு ஒன்பது.

கடை கைவிட்டுப் போனதில் கணவருக்கு வருத்தம்தான். "கொஞ்சங்கொஞ்சமாச் சேர்த்து நாலு வருஷம் கழிச்சு எடுத்துக்கலாம்" என்றார் அக்கா. "அதுவரைக்கும் மூணு வாரத்துல ஒரு வாரம் வெட்டுங்க, மிச்ச வாரம் தையுங்க. ஊர்ல எல்லாத் தையல்காரரும் அப்படித்தான் சட்டையை லேட்டாக்குறாங்க."

முதல் நாள் வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பாலம் வருவதற்குள் தூங்கிப்போனார். பதினோரு வருடத்தில், இரவில் வீடு திரும்பும்போது அந்தப் பாலத்தடியை அவர் கண்மூடிக் கடந்தது அன்றுதான். வீட்டுத் தெருவும் தாண்டிவிட்டது. டிரைவர் ஷெட்டில் போய்த்தான் கவனித்தார்.

"அக்கா, எந்திரிங்க. ஷெட்டு வந்தாச்சு."

"ஏன்ணே எழுப்பலை?"

"ராத்திரி ஷிப்டு ஆளுங்களைத்தானே எனக்கு எழுப்பிப் பழக்கம். நீங்க தூங்குற ஷிப்டாச்சே!"

டிரைவர் திட்டிக்கொண்டே அவரைத் திரும்பக் கொண்டுவந்து வாசலில் இறக்கும்போது மணி பதினொன்று. கணவர் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்.