உஷாராணி அக்காவை மியூட் செய்த வீடு

உஷாராணி அக்கா எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் செய்தி போட்டால் என் கைப்பேசி சத்தம் போடாது. அந்தக் குரூப்பை நான் ‘எப்போதும்’ என்று மியூட்டில் போட்டு எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன்னால் காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

‘ஷாமினி, இன்னைக்குக் குப்பை உன் முறை. போன வாரமும் நான்தான் ஞாபகப்படுத்தினேன். சின்னப் பிள்ளையா நீ? நன்றி.’ கடைசியில் இரண்டு கும்பிட்ட கைகள், ஒரு ரோஜாப்பூ. திட்டிவிட்டுக் கும்பிடுவது என்ன பழக்கம்? அந்தக் கைகளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில் சத்தம் கேட்கும் ஒரு பழைய அபார்ட்மெண்டில் மூன்று பெண்கள் இருக்கிறோம். நான் கிள்ளான்காரி, இங்கே ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரில் உட்காருகிறேன். ஹாஜிரா நாகப்பட்டினத்திலிருந்து வேலை விசாவில் வந்தவள், சென்ட்ரல் ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு ஆபீசில் கணினி வேலை. உஷாராணி அக்கா கேரி தீவில் பிறந்து, மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் ஒரு சேலைக்கடையில் கல்லாவில் இருப்பவள். நாற்பத்தைந்து வயது. கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, பதினோரு வருடமாக இந்த வீடுதான் அவளுக்கு எல்லாம். ஃபிரிட்ஜ் கதவில் அவள் ஒட்டிய கலர் அட்டவணைக்கு நாங்கள் வைத்த பெயர் ‘சட்டம்’.

நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். தன் முறையை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை. சனிக்கிழமை பாத்ரூமில் தேய்க்க உட்கார்ந்தால் தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம். ஆனால் தேய்த்து முடித்து வெளியே வந்ததும், நாங்கள் எதைத் தேய்க்கவில்லை என்று குரூப்பில் எழுதுவாளே, அங்கேதான் அந்தப் புண்ணியம் எல்லாம் கரைந்து போகும்.

ஒருநாள் ஹாஜிரா பிரியாணிச் சட்டியின் அடி பிடித்துவிட்டது என்று தண்ணீர் ஊற்றி ஊற வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனாள். பத்து மணிக்கு அந்தச் சட்டியின் படம் குரூப்பில் வந்தது, சிவப்பு அம்புக்குறியோடு. ‘இது யாருடையது என்று எல்லாருக்கும் தெரியும்.’ மூன்று பேர் இருக்கிற குரூப்பில் எல்லாருக்கும் தெரியுமாம்! மீட்டிங்கில் உட்கார்ந்தபடி ஹாஜிரா அதைப் பார்த்திருக்கிறாள். மாலையில் வந்து, “அக்ரிமெண்ட் முடிஞ்சதும் நான் வேற எடம் பாத்துக்கறேன் ஷாமினி” என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே அக்காவின் குரூப்பை மியூட்டில் போட்டுவிட்டு இன்னொரு குரூப் ஆரம்பித்தேன். அதில் நாங்கள் இரண்டு பேர்தான். பெயர் ‘சட்டி பானை’. அக்காவை மனம்போல் திட்டத்தான் ஆரம்பித்தேன். ஹாஜிரா அதை வேறு மாதிரி ஆக்கிவிட்டாள்.

கீழே லெட்டர் பாக்ஸில் கரண்ட் பில்லைப் பார்த்ததும் படம் எடுத்துப் போடுவாள். ‘ஆளுக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. இருபதாம் தேதி கடைசி. என் பங்கை அக்காவுக்கு அனுப்பிட்டேன்.’ அவ்வளவுதான். யார் பெயரும் கிடையாது, ‘இன்னும்’ என்ற வார்த்தை கிடையாது. கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரே ஒரு வரி: ‘பில் இருபதாம் தேதி. அனுப்பியிருந்தா இதை விட்டுடுங்க.’ எங்கள் இரண்டு பேர் பங்கு வீட்டு வேலைக்குக் கிழமையே வைக்கவில்லை. வரிசை மட்டும்தான். முடித்தவர் ‘முடிச்சுட்டேன்’ என்று போட வேண்டும். அடுத்து யார் என்பது வரிசையைப் பார்த்தாலே தெரியும். எனக்கு ஷிஃப்ட் மாறினாலும் கணக்கு உதைக்காது. யாரும் விரட்டாததால் செய்யாமல் இருக்கத்தான் வெட்கமாக இருந்தது.

ஆக, உஷாராணி அக்கா கும்பிட்ட கைகளோடு பில் நினைவூட்டல் போடும்போது காசு ஏற்கெனவே அவள் கணக்கில் இருக்கும். பெரிய குரூப்பில் அவள் எழுதுவாள்: ‘பார்த்தீங்களா, சொன்னாத்தான் நடக்குது!’ காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

அக்ரிமெண்ட் முடியும் மாதம் வீட்டுக்காரர் தம்புசாமி அங்கிள் பந்திங்கிலிருந்து வந்தார். புதிய அக்ரிமெண்டில் மூன்று பேரும் கையெழுத்துப் போட்டால் வீடு எங்களுக்கு. இல்லையென்றால் வேறு ஆளுக்கு. அக்கா தனியாக இந்த வாடகையைத் தாங்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஹாஜிரா பெட்டியைக்கூட வாங்கி வைத்துவிட்டாள்.

அங்கிள் அடுப்படியைச் சுற்றிப் பார்த்தார். “பரவால்லயே, சுத்தமா வச்சிருக்கீங்களே!”

“நான் டெய்லி மெசேஜ் போடுறேன்ல அங்கிள்” என்றாள் அக்கா. “நான் மட்டும் விட்டேன்னா இந்த ரெண்டும் வீட்டப் பன்னிக் கொட்டாய் ஆக்கிடுங்க.”

எனக்குக் கோபம் மண்டைக்கு ஏறிவிட்டது.

“ஒங்க மெசேஜ யாரு அக்கா படிச்சா?” என்றேன். “எட்டு மாசமா மியூட் லா! இந்தாங்க, இதப் படிங்க. வீடு எப்படி ஓடுதுன்னு பாருங்க!” கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஹாஜிரா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை.

அக்கா வாங்கிப் படித்தாள். விரலால் மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். அவளைப் பற்றி நான் எழுதிய வசவுகளும் அதில் இருந்தன. படிக்கட்டும் என்றுதான் இருந்தேன். கையெழுத்துப் போட அங்கிள் எடுத்து வைத்த பேனாவை நான் தொடவே இல்லை.

“பந்திங்ல ஃபேக்டரியில இருந்தப்போ எட்டுப் பேரு ஒரே வீட்ல இருந்தோம்” என்றாள், போனைப் பார்த்தபடியே. “யாரும் யாரையும் ஒன்னும் கேக்க மாட்டோம். எல்லாம் ஃப்ரெண்ட்ஸ்னு. தண்ணி பில்லு கட்டல, வாடகை கட்டல. ஒருநாள் வேலை முடிஞ்சி வந்தா எங்க துணியெல்லாம் ரோட்டோரம் கெடக்குது. பத்தொம்பது வயசு எனக்கு. அந்தத் துணியப் பொறுக்கிக்கிட்டு பஸ்ஸுல நின்னேன்.” போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அன்னைக்கு ஒருத்தி கத்தியிருந்தாலும் அது நடந்திருக்காது.”

“அதுக்கு எங்க மேலயா கத்துவீங்க?” என்றேன். எனக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரோ செய்ததற்கு இத்தனை நாள் நாங்களா வாங்கிக் கட்டிக்கொள்வது?

ஹாஜிராதான் பேனாவை எடுத்தாள். “அக்கா, இந்த குரூப்ல ஒங்களச் சேக்கறேன். ஒரே கண்டிஷன். நீங்க செஞ்சத எழுதலாம். என்ன வரப்போகுதுன்னு எழுதலாம். நாங்க செய்யாதத மட்டும் எழுதக் கூடாது. முடியுமா?”

“முயற்சி பண்றேன்” என்றாள் அக்கா. ஹாஜிரா கையெழுத்துப் போட்டாள். அவள் போட்ட பிறகு நான் மட்டும் போடாமல் இருந்தால் நான்தான் வில்லி. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டேன்.

அடுத்த புதன்கிழமை குப்பை என் முறை. மறக்கவில்லை, சோம்பல். சோபாவில் படுத்திருந்தேன். ‘சட்டி பானை’யில் உஷாராணி அக்கா எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது. ஒன்று வந்தது, நான் படிப்பதற்குள் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்றானது. மறுபடியும் ஒன்று, அதுவும் நீக்கப்பட்டது. மூன்றாவதும் அப்படியே.

பூட்டிய அவள் அறையிலிருந்து குரல் மட்டும் நன்றாகக் கேட்டது. “எரும மாடு! படுத்துக் கெடக்குது பாரு, காலையில ஈ மொய்க்கும், யாரு அள்ளுறது...” சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள் போல.

பிறகு செய்தி வந்தது. ‘நாளைக்குக் காலையில குப்பை லோரி வருது. புதுப் பை சிங்க்குக்குக் கீழ வாங்கி வச்சிருக்கேன்.’

கும்பிட்ட கைகள் இல்லை. ரோஜாப்பூவும் இல்லை.

கிழவிக்கு இதை எழுத எவ்வளவு வலித்திருக்கும்! எழுந்து போய்ப் பையைக் கட்டி, கீழே கொண்டு போட்டுவிட்டு வந்தேன். ‘முடிச்சுட்டேன்’ என்று போட்டேன். அறைக்குள் திட்டு நின்றது.