பதினெட்டா, இருபதா

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரியில் மரியசெல்விக்கு ‘போலீஸ் ஸ்டேஷன்’ என்று பட்டப்பெயர். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணை அளக்கிற வேலை. பதினெட்டு வருஷமாக அதே அறை, அதே நாற்காலி. எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: “முன்னாடி கண்ணுல லேசர் வச்சீங்களா?” கண்ணாடி போடாமல் இருப்பதற்காகக் கருவிழியில் வைக்கிற லேசர். ஒருமுறை அல்ல, மூன்று முறை கேட்பாள்.

ஐந்து வருஷம் முன்பு ஆத்தூர் வாத்தியார் ஒருவர் லேசர் வைத்ததை மறைத்து ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்ததை நம்பினாள். ஆபரேஷன் முடிந்ததும் அவருக்குத் தூரமும் தெரியவில்லை, பேப்பரும் தெரியவில்லை. லென்ஸை எடுத்துவிட்டு வேறு வைத்தார்கள். வராண்டாவில் நின்று அவர் ஏசியது இன்னும் அவள் காதில் இருக்கிறது.

அன்று நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் நிலக்கோட்டை பானுப்ரியா, வயது நாற்பத்தி நாலு. பின்னால் அவள் புருஷன் சிவபிரகாஷ், பூ கமிஷன் கடைக்காரர். ஒரு கையில் போன். பார்வை மெஷின் மேல்.

“லேசர் வச்சீங்களாம்மா?”

“இல்லைன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன்ல.”

“கண்ணாடி போட்டிருக்கீங்களா?”

“எங்க வீட்டுல ஒருத்தர்கூடப் போட்டதில்ல” என்றாள் பானுப்ரியா, வெடுக்கென்று.

மெஷின் வேறு கதை சொன்னது. கண்ணின் நீளம் இருபத்தாறரை மில்லிமீட்டர். சாதாரணக் கண்ணைவிட மூன்று கூடுதல். அவ்வளவு நீளம் என்றால் சின்ன வயதிலேயே சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்க வேண்டும். கருவிழியின் வளைவோ முப்பத்தெட்டு; சாதாரணமாக நாற்பத்து மூன்று, நாலு இருக்கும். இத்தனை தட்டையாகப் பிறக்கிறவர்கள் அபூர்வம். இரண்டையும் வைத்து, புது லென்ஸ் கண்ணுக்குள் எந்த ஆழத்தில் உட்காரும் என்று ஊகித்து, வைக்க வேண்டிய லென்ஸின் பவர் ‘பதினெட்டு’ என்றது மெஷின்.

மறுபடி அளந்தாள். மறுபடியும். இன்னொரு கண்ணும் அப்படியே.

“மெஷின் ரிப்பேரா மேடம்?” என்றார் சிவபிரகாஷ். “சொல்லிருங்க. நாங்க மதுரைக்குப் போயிக்கிறோம். காலையிலருந்து அம்புட்டுப் பூவையும் விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்.”

“செத்த நேரம் வெளிய இருங்க சார்.”

“எதுக்கு? எம் பொண்டாட்டிகிட்ட எனக்குத் தெரியாம என்ன பேசப் போறீங்க?”

அவர் நகரவில்லை. மரியசெல்வி அளவுத் தாளில் கையெழுத்துப் போடவில்லை. விஷயம் மூன்று பேரோடும் டாக்டர் ரொனால்டு அறைக்குப் போனது.

“செல்வி, நாளைக்கு லிஸ்ட்ல பேர் போட்டாச்சு” என்று டாக்டர் எரிந்து விழுந்தார். “நீ என்ன, விசாரணைக் கமிஷனா?”

“பதினெட்டுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார். கருவிழிய மேப் எடுத்துப் பாருங்க.”

முனகிக்கொண்டே எடுத்தார். திரையில் கருவிழியின் முன்பக்கம், நட்டநடுவில் வட்டமாக, தட்டையாக. பின்பக்கம் சாதாரண வளைவோடு தொடப்படாமல். டாக்டரின் எரிச்சல் அப்படியே இறங்கியது.

“லேசர் முன்பக்கத்த மட்டும்தான் செதுக்கும்” என்றார் சிவபிரகாஷிடம். “எங்க மெஷின் முன்பக்கத்தப் பார்த்துட்டு, பின்பக்கமும் அதுக்கேத்த மாதிரி இருக்கும்னு நெனச்சிக்கிரும். கருவிழிக்கு இல்லாத பவரச் சேர்த்துரும். தட்டையா இருக்கிறதால லென்ஸ் முன்னால தள்ளி உக்காரும்னும் தப்பாக் கணக்குப் போடும். ரெண்டும் சேர்ந்து லென்ஸ் பவரக் கொறச்சுக் காட்டும். பதினெட்டு வச்சா தூரமும் தெரியாது, கிட்டவும் தெரியாது. இங்க ஒரு ஆத்தூர் வாத்தியாருக்கு ஆன கதைதான்.”

“யாரு செதுக்குனது?” சிவபிரகாஷ் பொண்டாட்டியைத்தான் பார்த்தார்.

பானுப்ரியா மரியசெல்வியை முறைத்தாள். “இப்பத் திருப்திதான உனக்கு?” பிறகு சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “நான்தான் வச்சேன். நீங்க பொண்ணு பாக்க வர்றதுக்கு ஆறு மாசம் முன்னாடி. சோடாபுட்டின்னு ரெண்டு பேரு வேணாம்னுட்டுப் போயிட்டாங்க.”

“பழைய ரிப்போர்ட் இருக்காம்மா? இருந்தா இன்னும் துல்லியமாப் போடலாம்” என்றார் டாக்டர்.

“எங்கப்பா அடுப்புல போட்டுட்டாரு.”

“இருபத்தோரு வருஷம்” என்றார் சிவபிரகாஷ். “இருபத்தோரு வருஷமா எனக்கு ஒரு வார்த்தை சொல்லல.” கதவைச் சாத்திய சத்தத்தில் வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

லேசர் வைத்த கண்ணுக்கென்று இருக்கும் கணக்கில், பின்பக்கத்தின் அளவையும் சேர்த்துப் போட்டார்கள். இருபது வந்தது. “அப்பவும் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகலாம், லேசாக் கண்ணாடி தேவைப்படலாம்” என்று டாக்டர் சொல்ல, பானுப்ரியா சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டாள். புருஷனுக்கான கோடு காலியாகவே இருந்தது.

ஒரு மாதம் கழித்து நிலக்கோட்டை பஸ்ஸில் தனியாக வந்தாள். தூரத்துச் சார்ட்டில் கடைசி வரிக்கு முந்தின வரி வரை கண்ணாடி இல்லாமல் படித்தாள். டாக்டருக்கு ஒரு கும்பிடு. அளவு அறையைத் தாண்டும்போது தலையைத் திருப்பவில்லை. கவுன்ட்டரில் மட்டும் சத்தமாக, உள்ளே கேட்கட்டும் என்றே சொன்னாள்: “அடுத்த கண்ண அந்தம்மா அளக்கக் கூடாது. வேற யாராச்சும் இருந்தாத்தான் வருவேன்.”

“அப்டியே போட்டுக்கங்க” என்றாள் மரியசெல்வி, உள்ளிருந்தே.

பானுப்ரியாவின் ஃபைலை எடுத்தாள். முதல் பக்கத்தில், இரண்டு கண்ணிலும் லேசர் செய்தது என்று தான் சிவப்பு மையில் எழுதிய வரி இருந்தது. யார் அளந்தாலும் முதலில் அது கண்ணில் படும். ஃபைலை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

“முன்னாடி கண்ணுல லேசர் வச்சீங்களா?”