தொண்ணூறு என்று எழுதிய கை

சித்தூர் உயர்நிலைப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் கணக்கு நடத்த இரண்டே பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஆந்திராவுக்கும் மெட்ராஸ் ராஜ்யத்துக்கும் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானதும், சித்தூர் ஆந்திராவிலேயே நிற்கும், திருத்தணி மெட்ராஸோடு சேரப்போகிறது என்று தெரிந்து பலர் அந்தப் பக்கம் மாற்றல் கேட்டுப் போய்விட்டார்கள். செங்கல்வராயன் போகவில்லை. "பசங்க இங்கதானே கீறாங்க" என்றார். அவர் போகாததால் வேதாச்சலமும் போகவில்லை.

ஒருவர் திருத்திய தாளை இன்னொருவர் சரிபார்ப்பது அங்கே வழக்கம். பொதுத்தேர்வுக்கு முன் நடக்கும் செலக்ஷன் பரீட்சையின் வடிவகணிதக் கட்டு அந்த வருஷம் வேதாச்சலத்திடம் வந்தது. அதில் தேறாதவர்களைப் பொதுத்தேர்வு எழுத விடமாட்டார்கள். திருத்தியிருந்தவர் செங்கல்வராயன். அவர் தாளில் கூட்டலைத் தவிர வேறெதையும் பார்க்க வேண்டியிருக்காது என்று வேதாச்சலம் நிதானமாகத்தான் உட்கார்ந்தார்.

ஐந்தாம் கேள்வி சாதாரணமானது. வட்டத்துக்கு வெளியே உள்ள P என்ற புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வட்டத்தை A-யிலும் B-யிலும் தொடுகின்றன. P-யில் உள்ள கோணம் ஐம்பது பாகை. பெரிய வில்லின் மேல் C ஒரு புள்ளி. ACB எவ்வளவு? தொடுகோடும் தொடும் இடத்து ஆரமும் செங்குத்து. ஆகவே மையத்தில் நூற்று முப்பது. பரிதியில் அதில் பாதி, அறுபத்தைந்து.

செல்வி என்ற பெண் அப்படித்தான் எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. ஓரத்தில் செங்கல்வராயனின் அழகான கையெழுத்து: "அரைவட்டக் கோணம். 90."

கை தவறியிருக்கும் என்று வேதாச்சலம் அடுத்த தாளை எடுத்தார். அதிலும் தொண்ணூறு. அறுபத்தைந்து போட்டவர்களுக்கெல்லாம் சுழி. AB-யை விட்டம் என்று தப்பாக நினைத்துத் தொண்ணூறு எழுதியவர்களுக்கு முழு மார்க்கு. வேதாச்சலம் தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

மாலை வகுப்பறை காலியானதும் செங்கல்வராயனைத் தேடிப் போனார்.

"அண்ணே, இந்த அஞ்சாங்கேள்வி. AB நாண்தானே? மையம் வழியாப் போவலியே."

"படத்தப் பாருப்பா. அரைவட்டத்துல இருக்கற கோணம் செங்கோணம். இதக்கூடவா நான் உனக்குச் சொல்லணும்?" குரலில் கோபம் இல்லை.

வேதாச்சலம் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் வட்டம் போட்டார். நடுவே விட்டம் இழுத்தார். "சரிண்ணே, AB விட்டம்னே வெச்சிக்கலாம். ரெண்டு முனையிலயும் தொடுகோடு போட்டா எப்படி ஓடும்?"

"ரெண்டுமே விட்டத்துக்குச் செங்குத்து. இணையா ஓடும்."

"அப்ப P எங்க வரும்?"

செங்கல்வராயன் பலகையருகே வந்தார். ஒரு தொடுகோட்டின் மேல் விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். பலகையின் விளிம்பு வரை போய் நின்றார். இன்னொன்றின் மேலும் அப்படியே. இரண்டும் எங்கும் சந்திக்கவில்லை. அவர் திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"எத்தினி பேருக்கு இப்படிப் போட்டிருக்கேன்?"

"பாத்துக்கலாம்ண்ணே. ரெண்டு பேரும் உக்காந்து திருத்திரலாம்."

திருத்தினார்கள். செல்வி தேறினாள். விஷயம் அத்தோடு முடிந்ததென்று வேதாச்சலம் நினைக்க விரும்பினார். ஆனால் அடுத்த வாரமே, முந்தைய நாள் நடத்திய தேற்றத்தைப் புதிதாக நடத்துவதுபோல் செங்கல்வராயன் மறுபடி தொடங்கினார் என்று வகுப்பில் பேச்சு எழுந்தது. வேதாச்சலம் அவர் வீட்டுக்குப் போனார். செங்கல்வராயனின் மனைவி ருக்மணி வாசலிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"உங்ககிட்ட மறைச்சி இன்னா தம்பி ஆவப்போவுது? பக்கத்துல கீற காணிப்பாக்கம் கோயிலுக்குப் போறேன்னு கிளம்பினவரு எங்கியோ தள்ளி பலமனேர்ல இறங்கி, எந்த ஊருன்னு தெரியாம நின்னுக்கினு இருந்தாரு. தெரிஞ்சவங்க பஸ் ஏத்தி அனுப்பினாங்க. ஸ்கூலுக்குச் சொல்லிராதீங்க. அது ஒண்ணுதான் அவரப் பிடிச்சி வெச்சிருக்குது."

திருப்பதியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ஓய்வு என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் புத்தலப்பட்டு தாண்டியதும் செங்கல்வராயனே பேசினார்.

"ஹெட்மாஸ்டர் கிருஷ்ணப்பாகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா பாதியில மறந்துருவேன்."

"இந்த வருஷம் முடியட்டுமேண்ணே."

"சரியா எழுதின பொண்ணுக்குச் சுழி போட்டேன்டா. நீ பாக்கலன்னா அது வீட்டோட போயிருக்கும்."

வேதாச்சலம் ஹெட்மாஸ்டரிடம் சொன்னார். செங்கல்வராயன் வேலையிலிருந்து நின்றுகொண்டார். தமிழ்ப் பிரிவின் கணக்கு முழுவதும் வேதாச்சலத்தின் தலையில் விழுந்தது. வேறு ஆள் வரவில்லை. ஏப்ரலில் திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்குப் போனது. அங்கே ரயில்வேயில் இருந்த மகனிடம் செங்கல்வராயனும் ருக்மணியும் போய்ச் சேர்ந்தார்கள். மறு வருஷம் சித்தூர்ப் பள்ளியில் கீழ் வகுப்பின் தமிழ்ப் பிரிவுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை.

அதற்கடுத்த கோடை விடுமுறையில் வேதாச்சலம் திருத்தணிக்குப் போனார். செங்கல்வராயன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் சுத்தமாக உட்கார்ந்திருந்தார். வந்தவரை மரியாதையாக வரவேற்றார்.

"சாருக்கு எந்த ஸ்கூல்?"

"சித்தூருங்க" என்றார் வேதாச்சலம். அண்ணே என்று கூப்பிடவில்லை.

"இன்னா சப்ஜெக்ட்?"

"கணக்கு."

"நல்ல சப்ஜெக்ட்" என்று செங்கல்வராயன் தலையசைத்தார். ருக்மணி காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆறும்வரை இருவரும் அதைத் தொடவில்லை.