ஒன்றேகால் வெள்ளி நிபந்தனை

அந்த வங்கிக் கடிதத்தில் பிப்ரவரி மாதத் தேதி இருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்ததைத் தணிக்கைத் தாளில் எழுதாமல் விட்டேன். நான் செய்த தவறு இவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாடு சுதந்திரம் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மலாக்கா நகரத்தில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் நான் வேலை பார்த்தேன். தங்கியிருந்தது அந்நகரின் காஜா பேராங் பகுதியில், ஒரு பலகை வீட்டின் முன்னறையில். தணிக்கை செய்ய வேண்டிய ரப்பர் ஆலையும் அதே சாலையில்தான் இருந்தது. அதனால் பிப்ரவரி முழுவதும் காலையில் அறையிலிருந்து ஆலைக்கும் மாலையில் ஆலையிலிருந்து அறைக்கும் நடந்தேன். அந்த நடை இப்போதும் கனவில் வருகிறது. கனவில் சாலை முடிவதே இல்லை. இரு பக்கமும் ரப்பர் ஷீட்டுகள் தொங்குகின்றன, தேன் நிறத்தில், வெயில் அவற்றுக்குள் நுழைந்து நின்றுவிட்டதைப் போல. காற்று இல்லை. ஆனாலும் அவை மெல்ல அசைகின்றன.

ஆலை அலுவலகத்தில் எனக்கு ஒரு மேசை ஒதுக்கியிருந்தார்கள். பின்பக்கம் ரப்பர் ஷீட்டுகளை உலர்த்தும் புகைக் கூடம். அதன் வாசனை காகிதத்தில் இறங்கும், சட்டையில் இறங்கும், மத்தியானத்துக்குள் மண்டைக்குள்ளும் இறங்கிவிடும். மின்விசிறி மெதுவாகச் சுற்றும். எண்களைக் கூட்டிக்கொண்டே வரும்போது பத்தி நடுவில் எங்கோ மிதந்து போய்விடுவேன். பக்கத்து மேசையில் தட்டச்சு செய்தவர் அதே வட்டாரத்தில் பல தலைமுறையாக மலாய் பேசி வாழும் செட்டி குடும்பத்துக்காரர். தமிழ் தெரியாது. என் பென்சில் நின்றுவிட்டதைக் கண்டால், "ஏஞ்சேக், மிம்பி கா?" என்பார். கனவா ஐயா, என்று மலாயில் கேட்கிறார். நான் சிரித்துவிட்டு மறுபடி மேலிருந்து கூட்டுவேன்.

ஆலைக்கு வங்கியில் நீண்ட காலக் கடன் இருந்தது. அடுத்த பன்னிரண்டு மாதங்களில் கட்ட வேண்டிய தவணைகள் நடப்புக் கடன்களோடு சேர்க்கப்பட்டிருந்தன. மீதி ஒரு லட்சத்து அறுபதாயிரம் வெள்ளி (அந்த நாட்டு டாலருக்கு அதுதான் பெயர்), நீண்ட காலக் கடன் என்று இருப்புநிலைக் குறிப்பில் மேலே தனியாக நின்றது. கடன் ஒப்பந்தத்தை எடுத்து வரிவரியாகப் படிப்பது என் வேலை. ஏழாவது பக்கத்தில் ஒரு நிபந்தனை. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும், நடப்புக் கடன் ஒரு வெள்ளிக்கு, ரொக்கம், சரக்கு, வரவேண்டிய பாக்கி போன்ற நடப்புச் சொத்து ஒன்றேகால் வெள்ளியாவது இருக்க வேண்டும். குறைந்தால், வங்கி விரும்பிய நாளில் முழுக் கடனையும் உடனே கேட்கலாம்.

ஆலையின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி போட்ட கணக்கில் நிபந்தனை தேறியது. இரண்டு லட்சத்து எழுபதாயிரம் சொத்து, இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கடன். ஆனால் கிடங்கில் இருந்த ரப்பரை அவர் வாங்கிய விலையிலேயே வைத்திருந்தார். டிசம்பர் கடைசியில் சந்தை விலை அதற்கும் கீழே இறங்கியிருந்தது. இரண்டில் குறைந்ததைத்தான் எடுக்க வேண்டும். நான் முப்பதாயிரத்தைக் குறைத்தேன். சொத்து இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஆனது. ஒன்றேகால் வெள்ளி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளி பதினான்கு காசு.

பெரிய கிராணி செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வருகிறவர். ஐம்பது வயது. என் தாளை வாங்கிப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"என்ன தம்பி, போன வருசம் வந்தவரு டீ குடிச்சாரு, கையெழுத்துப் போட்டாரு, போய்ட்டாரு. நீங்க முப்பதாயிரத்த முழுங்கிட்டீங்களே!"

"விலைதான் முழுங்கிருச்சு அண்ணே."

"சரி, முழுங்கட்டும். இப்ப என்ன?"

"நிபந்தனை மீறியாச்சு. பேங்க் எப்ப வேணும்னாலும் முழுசா கேக்கலாம். அப்ப அந்த ஒண்ணு அறுபது மேல நிக்க முடியாது. கீழ, நடப்புக் கடன்ல வரணும்."

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தது முகத்தில் தெரிந்தது. மூன்று லட்சத்து எழுபதாயிரம் கடன், இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் சொத்து.

"இத எவனாச்சும் பாத்தா நாளைக்கு ஒரு பலம் சரக்கு தருவானா? நாப்பது பேரு வேல செய்றாங்க தம்பி இங்க. பேங்க் கேக்கவே இல்ல லா. நாமளா போயி எடுத்துக் குடுக்கணுமா?"

இதற்கு எங்கள் அலுவலகத்தில் பதில் இருந்தது. சட்டப் புத்தகம் அன்று இவ்வளவு நுணுக்கமாகப் பேசவில்லை. எங்கள் துரை பேசினார். ஆண்டின் கடைசி நாளில் போய் நில், என்பார் அந்த ஆங்கிலேயர். இன்னும் பன்னிரண்டு மாதம் கொடுக்க முடியாது என்று மறுக்க அன்றைக்கு ஆலைக்கு உரிமை இருந்ததா? இருந்தால் நீண்ட காலம். இல்லாவிட்டால் நடப்பு. வங்கி கேட்குமா கேட்காதா என்பது பேச்சே இல்லை. நிபந்தனையைத் தள்ளுபடி செய்து வங்கி எழுத்தில் கொடுத்திருக்கலாம், ஆனால் அந்தக் கடிதமும் ஆண்டு முடிவதற்குள் வந்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் பெரிய கிராணியிடம் சொன்னேன். கடிதம் என்ற ஒரு சொல்லை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து வங்கியிலிருந்து ஒன்றை வாங்கி வந்து என் மேசையில் வைத்தார். நான்கு வரி. மீறல் கவனத்துக்கு வந்தது, தற்போதைக்குக் கடனைத் திருப்பிக் கேட்கும் எண்ணமில்லை, வங்கியின் உரிமைகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. தேதி, அதற்கு முந்தைய நாள்.

அது தள்ளுபடியே இல்லை. தள்ளுபடியாக இருந்திருந்தாலும் ஆறேழு வாரம் தாமதம். இரண்டும் எனக்குப் படித்தவுடனே தெரிந்தது.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "போதுமா தம்பி?"

நான் லஞ்சம் வாங்கவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. நாற்பது தொழிலாளிகளை நினைத்து இரங்கினேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் உண்மையில்லை. மத்தியானம் அவ்வளவு இதமாக இருந்தது. மழை வரப்போகிற நேரம். புகைக் கூடத்து வெப்பமும் வெளியே இருண்ட வானமும் சேர்ந்து உடம்பை மிதக்க வைத்தன. போதாது என்று சொன்னால் அந்த மனிதரோடு வாதாட வேண்டும், துரையிடம் போக வேண்டும், எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டும். எனக்கு அந்த மத்தியானம் கலையக் கூடாது. அவ்வளவுதான்.

தாளில், 'வங்கியின் கடிதம் பார்க்கப்பட்டது' என்று எழுதிப் பச்சைப் பென்சிலால் குறியிட்டேன். எந்த ஆவணத்தைப் பார்த்தாலும் அதன் தேதியையும் வாசகத்தையும் பக்கத்தில் எழுதுவது வழக்கம். எழுதவில்லை. எழுதியிருந்தால் துரை ஒரே பார்வையில் பிடித்திருப்பார்.

அவர் கோப்பைப் புரட்டியபோது, "கடிதம் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

"பார்த்தேன் சார்."

கையெழுத்துப் போட்டார். ஒரு லட்சத்து அறுபதாயிரம் மேலேயே நின்றது.

பஜாரில், மரத்திலேயே காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலும் ரப்பர் ஷீட்டும் வாங்கி விற்கும் ஒருவர் இருந்தார். தமிழ் முஸ்லிம், அறுபது வயது. எல்லோரும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்றுதான் கூப்பிடுவார்கள். சிறு தோட்டக்காரர்களிடம் ரொக்கத்துக்கு வாங்கி ஆலைக்கு ஒரு மாதக் கடனில் சரக்கு கொடுப்பார். அந்த வருடம் ஆலை மூன்று மாதக் கடன் கேட்டது. அவர் தயங்கினார். பெரிய கிராணி தணிக்கையான கணக்கின் பிரதி ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நானா ஒரு மாலையில் என் அறைக்கே வந்துவிட்டார்.

"இங்கிலீசு எனக்கு நம்பர் வரைக்கும்தான் தம்பி. மூணு மாசம்னா என் கட முழுசும் அவன் கிட்டங்கில இருக்கும். இந்த பேங்க் கடன் எப்பத் திருப்பணும்?"

நான் தாளைப் பார்த்தேன். அவரைப் பார்க்கவில்லை. "நீண்ட காலம்னு போட்டிருக்கு நானா."

"போட்டிருக்கு, சரி. போட்டது நீங்கதான?"

"எங்க ஆபீஸ்."

"அப்ப சரி. கிராணி சொன்னா நம்ப மாட்டேன், அவன் சைக்கிளுக்கே பிரேக் கிடையாது." சிரித்துக்கொண்டே தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டாவது வாய்ப்பு என் அறைக்கே நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வெளியே யாரோ மலாயில் பாடிக்கொண்டு போனார்கள். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரப்பர் விலை இன்னும் இறங்கியது. செப்டம்பரில் வங்கி முழுக் கடனையும் கேட்டது. காரணம் என்று எழுதியது அதே ஒன்றேகால் வெள்ளி நிபந்தனையைத்தான், டிசம்பர் மாத மீறலைத்தான். ஆலையும் நிலமும் கிடங்குச் சரக்கும் வங்கியிடம் ஈடாக இருந்தன. வங்கிக்கு அது போனபின் மற்றவர்களுக்கு மிஞ்சியது வெள்ளிக்கு ஏழு காசு. நானாவின் மூன்று மாதச் சரக்கும் அந்த ஏழு காசுக்குள் போயிற்று.

கடையைக் காலி செய்யும் முன் அவர் மறுபடி வந்தார். அதே தாள், மடிப்புகளில் கிழிந்திருந்தது. கோபமாக வருவார் என்று எதிர்பார்த்தேன். வரவேண்டும் என்றுகூட விரும்பினேன் என்று நினைக்கிறேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் தம்பி. என் மருமகன், கிழவனுக்குப் படிக்கத் தெரியல, ஏமாந்துட்டான்கிறான். இந்தக் கடன் மேல இருக்கே, இது அப்பவே கீழ வந்திருக்கணுமா? வந்திருந்தா நான் பாத்திருப்பேன். கூட்டத் தெரியும் எனக்கு."

"அப்ப தெரியல நானா," என்றேன். "பேங்க் கேக்கும்னு யாருக்கும் தெரியல."

அவர் முகம் தெளிந்தது. நிஜமாகவே தெளிந்தது.

"அதான பாத்தேன். படிச்ச உங்களுக்கே தெரியலன்னா எனக்கு எப்படித் தெரியும்? மருமகன்ட்ட சொல்றேன்." எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, "நீங்க மனசுல போட்டுக்காதீங்க தம்பி. சின்ன வயசு," என்றார்.

மூவாரில் இருந்த மருமகன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அவர் மீதி நாள்களைக் கழித்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூவார் தூரமில்லை. பஸ் இருந்தது. தெரியும் நானா, பார்த்த அன்றே தெரியும் என்று போய்ச் சொல்லியிருக்கலாம். என்னைத் திட்டும் உரிமையாவது அவருக்குக் கிடைத்திருக்கும். நான் போகவில்லை.