புதன்கிழமை இல்லாத வாரம்

என் மேஜை இழுப்பறையில் நான்காக மடித்த வரைதாள் ஒன்று இருக்கிறது. வாரத்துக்கு ஒரு செங்குத்துக் கோடாக, பென்சிலில் வரிசையாகக் கோடுகள். கோட்டின் தலை ஒரு மில் பங்கின் அந்த வார அதிக விலை, அடி குறைந்த விலை. வலப்பக்கம் நீட்டிய சிறு மூக்குதான் வெள்ளிக்கிழமை முடிவு விலை. போர்ட் பிளேரில் நாங்கள் பவர்ஹவுஸ் அண்ணன் என்று கூப்பிட்டவர் போட்ட கோடுகள் அவை.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே தந்தி அலுவலகக் கவுன்டரில் இருந்தேன். அண்ணனுக்கு மின்நிலையத்தில் நிரந்தர இரவுப் பணி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முதலில் நான் பார்த்த அண்ணன் வேறு மாதிரி ஆள். இரவெல்லாம் எஞ்சினோடு மல்லுக்கட்டிவிட்டு, கண் சிவக்க என் கவுன்டருக்கு வருவார். மதராஸ் தரகருக்கு "வாங்கு" என்று ஒரு தந்தி, மத்தியானமே "விற்றுவிடு" என்று இன்னொன்று. பகல் தூக்கம் போனது. ஒருநாள் பணியில் கண்ணயர்ந்து, எஞ்சின் சூடேறியது தெரியாமல் இருந்துவிட்டார். பாதி ஊர் இருண்டது. இன்னொரு முறை நடந்தால் வேலை போய்விடும், மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான் என்று மெமோ வந்தது.

அதன்பின் அவரிடமிருந்து தினசரித் தந்திகள் நின்றன. சனிக்கிழமை காலை, பணி முடிந்த கையோடு வருவார். தரகரின் தந்தியில் மூன்றே எண்கள் இருக்கும்: அதிகம், குறைவு, முடிவு. கவுன்டரிலேயே நின்று கோட்டைப் போடுவார். கடைசி முப்பது வார முடிவு விலைகளைக் கூட்டி, முப்பதால் வகுத்து, சிவப்புப் பென்சிலில் ஒரு புள்ளி வைப்பார். வாங்குவதற்கு அந்தச் சிவப்புப் புள்ளிகள் மேல்நோக்கிப் போக வேண்டும். பல வாரம் தாண்டாத விலையை ஒரு வெள்ளி முடிவு தாண்டினால் வாங்குவார். முடிவு சிவப்புக்குக் கீழே போனால் விற்பார். இரண்டில் எதுவானாலும் சனிக்கிழமையே தந்தி போய்விடும், திங்கள் காலை தரகர் முடிப்பார். நடுவில் விலை எவ்வளவு சரிந்தாலும் வெள்ளிவரை பொறுக்க வேண்டும் என்பதால் கொஞ்சமாகவே வாங்குவார். நாற்பது பங்குக்குக் கையில் பணம் இருந்தும் ஒரு மில் பங்கை முப்பது ரூபாயில் பதினைந்து மட்டும் வாங்கினார்.

அவர் மில் பங்கு வாங்கியது எனக்கு எப்படித் தெரியும்? அவர் தந்தியைப் படித்தேன். வேலைக்குச் சேரும்போது ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டவன்தான். ஆனாலும் அதே தரகருக்கு எழுதி, கல்யாணத்துக்குச் சேர்த்த பணம் மொத்தத்தையும் போட்டு நாற்பது பங்கு வாங்கினேன். விலை முப்பத்து மூன்றைத் தொட்டபோது என்னைப் பிடிக்க முடியவில்லை. தினமும் காசு செலவழித்து விலை கேட்டேன்.

ஒரு புதன்கிழமை பதில் வந்தது: மில்லில் வேலைநிறுத்தம், விலை இருபத்தேழு. உச்சி வெயிலில் அண்ணன் குடியிருந்த டெலானிபூர் மேட்டை ஓடியே ஏறினேன். குவார்ட்டர்ஸில் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உலுக்கி எழுப்பி, நான் செய்த திருட்டுத்தனத்தையும் சேர்த்துக் கொட்டினேன்.

"எத்தன பங்குடே வாங்குன?"

"நாப்பது."

"அரே பாப்ரே! நான் பதினஞ்சு. அதான் எனக்குத் தூக்கம் வருது, ஒனக்கு வரல." கொட்டாவி விட்டார். "இன்னைக்கு என்ன கெழம?"

"புதன்."

"என் வாரத்துல புதனே கெடையாதுடே. வெள்ளி முடியட்டும்."

திரும்பிப் படுத்தவர் நான் படியிறங்குவதற்குள் தூங்கிவிட்டார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேரே கவுன்டருக்கு வந்து அத்தனையையும் விற்கச் சொன்னேன். இருபத்தேழுக்கே போனது. மறுநாள் வேலைநிறுத்தம் வாபஸ் ஆனது. சனிக்கிழமைத் தந்தியில் முடிவு விலை முப்பது என்றிருந்தது, சிவப்புப் புள்ளி இருபத்தெட்டரையில். அண்ணன் கோட்டைப் போட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

பல மாதம் கழித்து அந்தப் பங்கு நாற்பத்து நான்குவரை போய்த் திரும்பியது. ஒரு வெள்ளி முப்பத்தெட்டில் முடிந்தது, சிவப்பு முப்பத்தொன்பதில் இருந்தது. விற்றார்.

"உச்சியில விக்காம விட்டுட்டீங்களே அண்ணே" என்றேன், கொஞ்சம் குரூர சந்தோஷத்தோடு.

"உச்சின்னு அன்னைக்கு யாருக்குடே தெரியும்?" என்றார். அடுத்து வாங்கிய இரண்டில் நஷ்டம்தான், சின்ன நஷ்டம். அப்போதும் தூங்கினார். அவர் ஓய்வு பெறும்வரை ஊர் இன்னொரு முறை அவரால் இருளவில்லை. கப்பலேறிய அன்று ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இந்தத் தாளை என் சட்டைப் பையில் செருகினார்.

இப்போது என் கைபேசியில் விலை நொடிக்கு நொடி துடிக்கிறது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தாளை விரிக்கிறேன். அந்த வேலைநிறுத்த வாரத்தின் கோடு இதோ. மூக்கு சிவப்புக்கு மேலே பத்திரமாக நிற்கிறது. கோடு மட்டும் சிவப்பைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்கிறது, ஒரு விரல் நகம் அளவுக்கு. என் கல்யாணப் பணம், வெயிலில் ஓடிய ஓட்டம், தூங்காத கண், எல்லாமே அந்த நகத்தளவுக்குள்தான் இருந்தன.