ஊதா முத்திரைக்கு அடியில்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆழ்வார்பேட்டையில் கம்ப்யூட்டரில் அச்சு வேலை செய்துதரும் ஒரு சின்ன டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். ஒருநாள் துபாயிலிருந்து தங்கை ஒரு படிவத்தின் ஸ்கேனை மெயிலில் அனுப்பியிருந்தாள். "அண்ணன் என்னையும் கையெழுத்துப் போடச் சொல்றான். எழுத்தே தெரியலை. படிச்சுச் சொல்லுக்கா."

காலமான அப்பாவின் அபிராமபுரம் வீடு பற்றிய படிவம் அது. நோட்டரியின் ஊதா முத்திரை நடு வரிகளை மூடியிருந்தது. அதற்குக் கீழே கறுப்பு மையில் என் கையெழுத்து! கரண்ட் கனெக்‌ஷனில் பெயர் மாற்ற வேண்டுமென்று சொல்லி, ஃபைலுக்குள் தாளின் அடிப்பக்கத்தை மட்டும் காட்டி அண்ணன் வாங்கிப்போனது.

படத்தின் வண்ணங்களைப் பிரித்து, நீலத்தை மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பார்த்தேன். முத்திரை வெளுத்து அச்செழுத்து மேலே வந்தது. 'என் பங்கை முழு மனதுடன் விட்டுக்கொடுக்கிறேன்.' என் கையெழுத்துக்கு அடியில் இருந்த சொற்கள் மட்டும் கிடைக்கவில்லை. கறுப்பின்மேல் கறுப்பைப் பிரிக்க வழியில்லை. தெரிந்ததையும் தெரியாததையும் அப்படியே தங்கைக்கு எழுதினேன்.

அண்ணனுக்கு போன் செய்தேன்.

"படிக்காம நீ போட்டா நான் என்ன பண்றது?" என்றான்.

"நீட்டினது நீங்கிறதாலதானே நான் படிக்கலை?"

அவன் போனை வைத்துவிட்டான்.

தங்கை கையெழுத்துப் போடவில்லை. பதிவு செய்யாததால் அந்தத் தாள் செல்லாது என்றார் வக்கீல். வீட்டில் என் பங்கு அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் வக்கீல் அப்படிச் சொன்ன அன்று கடையை மூடிவிட்டு வெகுநேரம் அழுதேன்.